35 மாத்திரைகள்

மார்ச் 3, செவ்வாய்

வலது விலாவின் பின்பக்கம் எரிகிறது. தோலில் ஒன்றும் தெரியவில்லை. பனியன் உரசினாலே தாங்க முடியவில்லை.

மார்ச் 4, புதன்

முதுகெலும்பில் தொடங்கி மார்பு வரை, கயிற்றால் சுற்றிக் கட்டியது போல ஒரே கோடாக வலி. இடது பக்கம் துளியும் இல்லை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்க்கச் சொன்னேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

மார்ச் 5, வியாழன், இரவு

குளித்துவிட்டு வந்தபோது அவள் பார்த்தாள். "என்னங்க, முதுகுல திட்டுத் திட்டா சிவந்திருக்கு." காலை எட்டு மணிக்குத் தைலம் தேய்த்தவளும் அவள்தான், அப்போது ஒன்றும் இல்லை என்கிறாள். அப்படியென்றால் இடையில் எப்போதோ கிளம்பியிருக்கிறது. நேரத்தைக் குறித்து வைக்கிறேன்: இரவு 9.10.

மார்ச் 6, வெள்ளி

விடிந்தபோது சிவப்பின் மேல் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். கண்ணாடியில் பார்த்தவுடன் எனக்கே புரிந்துவிட்டது. அக்கி.

மருத்துவரிடம் நான் முதலில் சொன்னது வலியைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். வலி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, அப்படியானால் கெடு முடிந்துவிட்டதா என்றுதான் வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் நிதானமாகச் சொன்னார்: "வலியிலிருந்து எண்ண வேண்டாம், தோலில் தடிப்பு வந்ததிலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை." நேற்றுக் காலை எட்டு மணி என்றே வைத்துக்கொண்டாலும் ஞாயிறு காலை வரை நேரம் இருக்கிறது. ஆனால் ஞாயிறு வரை இருக்கிறது என்று ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் உண்டு என்றார். கெடு தாண்டி வருகிறவர்களுக்கும் புதுக் கொப்புளங்கள் கிளம்பிக்கொண்டே இருந்தால் மாத்திரை கொடுப்பதுண்டாம்.

நெற்றி, கண் இமை, மூக்கு நுனி எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் இன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்பியிருப்பாராம். எனக்கு விலாவோடு சரி.

அப்புறம் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டார். ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள். கிரியாட்டினின் 1.0. அதைப் பார்த்த பிறகுதான் எழுதினார்: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து, ஏழு நாள். மொத்தம் 35. இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்திலேயே படிகமாகத் தங்கிவிடக்கூடும். அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால், இரவில் காபாபென்டின்.

முதல் மாத்திரை இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. பிறகு 6, 10. மீதி 32.

மூத்த மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா? இளையவளுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. மூத்தவளுக்கு?

மார்ச் 7, சனி

காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. கைப்பேசியில் ஐந்து அலாரம் வைத்திருக்கிறேன். மீதி 27.

நேற்றுவரை பின்பக்கம் மட்டும் இருந்த கொப்புளங்கள் அக்குளுக்குக் கீழே வந்துவிட்டன. மாத்திரை வேலை செய்யவில்லையா? மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: மூன்று நான்கு நாள் புதிதாகக் கிளம்பத்தான் செய்யும், பயப்படக் கூடாது. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மூத்தவள் வரவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். போனில் அழுதாள்.

இவளைக் கேட்டேன், அம்மை வந்ததா இல்லையா என்று. "வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு" என்கிறாள். என்னிடமிருந்து அவளுக்கு அக்கி வராது, வந்தால் சின்னம்மையாகத்தான் வரும். இரண்டுக்கும் ஒரே வைரஸ். சின்ன வயதில் எனக்கு வந்த அம்மை ஆறியதாக எல்லோரும் நினைத்தோம். அது முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சில் இத்தனை வருடம் உறங்கிக் கிடந்து இப்போது அந்த ஒரு நரம்பின் வழியாக வெளியே வந்திருக்கிறது. கோடு போட்டது போல் ஒரே பக்கம் வலித்ததற்குக் காரணம் அதுதான். கொப்புளத்து நீரில் வைரஸ் இருக்கிறது. மூடி வைத்தால் ஆபத்து குறைவு. எல்லாம் பக்குக் கட்டிய பிறகு பரவாது. கர்ப்பிணிக்கு முதல் முறையாக அம்மை வந்தால் தாய்க்கும் கடினம், பிள்ளைக்கும் கடினம். மூத்தவளை, அவள் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லி, அம்மை வந்து போனதைக் காட்டும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மீதி 22.

மார்ச் 9, திங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மதியம் கண் அசந்துவிட்டது. போன் அடுத்த அறையில் கிடந்திருக்கிறது. விழித்தபோது மணி 5.10. இரண்டு மணி மாத்திரை போகவில்லை.

கை நடுங்கிவிட்டது. ஆறு மணிக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளையாக மருத்துவருக்குப் போன் செய்தோம். நினைவு வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு ஒன்று மட்டும்தான் போட வேண்டும், இரண்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்றார். விடுபட்டது கடைசியில் சேர்ந்துகொள்ளுமாம்.

ஏன் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று இன்றைக்குத்தான் கேட்டேன். வாயால் விழுங்கும் அசைக்ளோவிரில் ஒரு சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. போனதும் சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அளவு இறங்கியதும் வைரஸுக்கு வழி திறந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று வேளையோடு முடியும் வாலசைக்ளோவிரும் உண்டாம். அது உடம்புக்குள் போய் இதே மருந்தாக மாறுகிறது, உறிஞ்சப்படுவது அதிகம். எனக்கு எழுதியது இது. சரி.

மீதி 18. இருக்க வேண்டியது 17. அந்த ஒன்று கண்ணை உறுத்துகிறது.

மார்ச் 10, செவ்வாய்

காலையிலிருந்து புதிதாக ஒன்றுகூட இல்லை. முதலில் வந்தவை கலங்கி, நடுவில் குழிந்து, ஓரத்தில் காய ஆரம்பித்திருக்கின்றன. மீதி 13.

மார்ச் 11, புதன்

அண்ணன் போன் செய்தார். "காயுதுன்னு சொல்றியே, அப்புறம் எதுக்குடா மாத்திரை? மிச்சத்தை எடுத்து வை, யாருக்காவது உதவும்." தலைவலியும் குமட்டலுமாக இருந்த எனக்கு அது சரி என்றே பட்டது. பத்து மணி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போட்டுக்கொண்டேன்.

நான் புரிந்துகொண்ட வரையில் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கும் இதே யோசனை வரும். இந்த மருந்து வைரஸை நேராகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லுக்குள் வைரஸின் சொந்த நொதிதான் முதலில் இதை முடுக்கிவிடுகிறது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அந்தச் சங்கிலியில் இது போய் ஒட்டிக்கொள்கிறது, சங்கிலி அதோடு நின்றுவிடுகிறது. ஆக, வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போதுதான் இதற்கு வேலை. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கச் சொன்னது அதற்காக. நடுவில் நிறுத்தக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான். நான் பார்ப்பது தோலை. பெருகல் நரம்பிலும் நடக்கிறது. மேலே பக்குக் கட்டிவிட்டது என்பதால் உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது என்று என் கண்ணால் சொல்ல முடியாது. ஏழு நாளுக்கு மேல் நீட்டினாலும் பெரிதாகப் பலன் கூடுவதில்லை என்று மருத்துவர் சொன்னார். அதனால் இது முடிவில்லாத பாரமும் இல்லை. இன்னும் எட்டு மாத்திரை, அவ்வளவுதான்.

எடுத்து வைப்பதைப் பற்றி: அண்ணனுக்கே சிறுநீரகம் பலவீனம். அவருக்கு அக்கி வந்து என் மிச்சத்தை என் அளவிலேயே விழுங்கினால் மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். நினைவு குழம்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், கை கால் உதறும். அவருக்கு அளவே வேறு. இதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மூத்தவளின் ரத்த முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

மீதி 3.

மார்ச் 13, வெள்ளி

6, 10, 2. அட்டை காலி.

இன்று மதியம் இரண்டு மணி, முதல் மாத்திரை போட்டதும் போன வெள்ளி இதே நேரம். தவறாமல் இருந்திருந்தால் பத்து மணிக்கே முடிந்திருக்கும். காலி அட்டைகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அவள் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

மார்ச் 14, சனி

ஆன்டிபாடி இருக்கிறதாம்! எப்போதோ அம்மை வந்து போயிருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. "நான் வரட்டுமாப்பா?" என்று கேட்டாள். பயமில்லை என்று அவளுடைய மருத்துவரும் சொல்லிவிட்டார். இருந்தாலும் கடைசிக் கொப்புளம் பக்குக் கட்டட்டும் என்றேன். அக்குளுக்குக் கீழே இரண்டு இன்னும் ஈரமாக இருக்கின்றன.

மார்ச் 16, திங்கள்

இரண்டும் காய்ந்துவிட்டன.

மார்ச் 17, செவ்வாய்

வந்தாள். அவள் கிளம்பும் வரை வலியே தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பக்குகள் உதிர்கின்றன. கீழே இளஞ்சிவப்புத் தோல். அந்த இடத்தைத் தொட்டால் மரத்தது போலவும் இருக்கிறது, எரியவும் செய்கிறது. மாத்திரையை ஒழுங்காக முடித்தேனே, இன்னும் ஏன் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. மாத்திரை கொப்புளங்களைச் சீக்கிரம் ஆற்றும், ஆரம்ப வலியைக் குறைக்கும். நரம்பு வலி தங்காது என்று அதை வைத்து உறுதி சொல்ல முடியாது, வயது கூடக் கூட அது தங்குகிற வாய்ப்பும் கூடும் என்றார். தடிப்பு வந்து 90 நாள் தாண்டியும் வலித்தால்தான் அதற்குத் தனிப் பெயர். காபாபென்டினைத் தொடரச் சொன்னார்.

90 நாள் என்றால் ஜூன் 3. நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

திங்கள் மதியத்து அந்த ஒரு மாத்திரை. அது போயிருந்தால் இந்த எரிச்சல் இருந்திருக்காதோ? அவள் என் கையிலிருந்து நாட்காட்டியை வாங்கி வைத்துவிட்டாள்.

மார்ச் 25, புதன்

நேற்று இரவு ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பனியன் போட்டேன். தோள்வரை இழுத்து விட்ட பிறகுதான் நினைவே வந்தது.