விமானப் பொறியாளர் லைசென்ஸ்: பரீட்சையைவிட லாக்புக்தான் காலை வாரும்

பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எஸ்பிஎம் முடித்துவிட்டு விமானப் பராமரிப்புப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். கேஎல்ஐஏ பக்கத்திலேயே இருக்கிறது, கணக்கும் பௌதிகமும் ஓரளவு வரும், ஆகவே சேர்ந்துவிடுகிறார்கள். சேர்வதும் பரீட்சை எழுதுவதும் எப்படி என்று சொல்லித்தரக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி முடிந்து ஹேங்கருக்குள் நுழைந்த பிறகு லைசென்ஸ் கைக்கு வரும்வரை என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. நாங்கள் கடந்து வந்த வழி அது என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு, கம்பெனி தரும் கையெழுத்து அதிகாரம் வேறு. சான்றிதழைக் கல்லூரி தருகிறது. லைசென்ஸைத் தருவது சிஏஏஎம், அதாவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். கையெழுத்து அதிகாரத்தை நீங்கள் வேலை செய்யும் பராமரிப்புக் கம்பெனி தருகிறது. மூன்றும் இந்த வரிசையில்தான் வரும். பட்டப்படிப்பு முடித்தவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். ஏரோநாட்டிக்கல் பொறியியல் பட்டம் உயர்ந்த படிப்புதான். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து ஒரு விமானத்தைப் பறக்க விடுவித்துக் கையெழுத்திட முடியாது.

நம் நாட்டு லைசென்ஸ் முறை ஐரோப்பாவின் பார்ட் 66 விதியை ஒட்டி அமைந்தது. ஜெட் விமானத்தின் உடல், என்ஜின், ஹைட்ராலிக், சக்கரம் இவற்றைப் பார்ப்பவர் பி1.1 பிரிவு. மின்னணுக் கருவிகளைப் பார்ப்பவர் பி2. ஐரோப்பிய விதிப்படி, இந்தப் பிரிவுகளுக்கு, பயிற்சிக் கல்லூரிகளுக்கான பார்ட் 147 விதியில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி 2400 மணி நேரம். அதை முடித்தவருக்குப் பறக்கும் விமானங்களில் 2 ஆண்டு வேலை அனுபவம் போதும். அங்கீகாரம் இல்லாத வழியில், தொழில் பயிற்சி எதுவும் இல்லாமல் வருபவருக்கு 5 ஆண்டு வேண்டும். இந்த 3 ஆண்டு வித்தியாசம் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் பிடிபிடிஎன் கடனுக்குக் கையெழுத்திடும் முன், கல்லூரியிடம் அங்கீகாரச் சான்றை நேரில் கேட்டு வாங்கிப் பாருங்கள். “எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எந்தப் பிரிவுக்கு என்று அதில் அச்சாகியிருக்கும். பி1.1 என்று இருக்கவேண்டிய இடத்தில் ஏ பிரிவு மட்டும் இருந்தால், அந்தப் படிப்பு உங்களை எளிய, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே கொண்டுபோகும். நம் நாட்டில் இப்போது நடப்பில் உள்ள ஆண்டுக்கணக்கையும் சிஏஏஎம் உத்தரவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை பற்றி ஒரே விஷயம். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாக 75 விழுக்காடு எடுக்கவேண்டும். கணக்கில் எடுத்த 95, சட்டப் பாடத்தில் எடுத்த 74-ஐக் காப்பாற்றாது. தவறினால் சிறிது காலம் காத்திருந்து மறுபடி எழுதலாம். லாக்புக்குக்கு அந்தச் சலுகை இல்லை. போன வருஷம் செய்த வேலையை இந்த வருஷம் மறுபடி செய்து காட்ட முடியாது.

லாக்புக் என்றால் என்ன? விமானத்தில் நீங்கள் கைவைத்துச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதியோடு பதிவாகும் புத்தகம். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது ஆணையத்தின் அதிகாரி இதைத்தான் புரட்டிப் பார்ப்பார். உங்களை அவருக்குத் தெரியாது. நீங்கள் ராத்திரி எல்லாம் விழித்து வேலை செய்தது தெரியாது. பக்கத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஏ320 விமானத்தின் பிரதான சக்கரம் ஒன்று தேய்மான வரம்பைத் தொட்டுவிட்டது, மாற்றவேண்டும். பராமரிப்புக் கையேட்டைத் திறந்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக் போட்டுத் தூக்குகிறீர்கள். அச்சாணி நட்டைத் தளர்த்தும் முன் டயரில் உள்ள நைட்ரஜனை இறக்கிவிடவேண்டும். சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டுகளால் பிணைத்தது. அந்த போல்ட் உடைந்திருந்தால், அழுத்தத்தோடு நட்டைக் கழற்றும்போது சக்கரம் வெடித்துப் பிரியும். எதிரே நிற்பவர் உயிரோடு இருக்கமாட்டார். புதுச் சக்கரத்தை மாட்டியபின் நட்டை இரண்டு கட்டமாக இறுக்கவேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் அதிக டார்க்கில் இறுக்கினால் பேரிங் அதன் இடத்தில் சரியாக உட்காரும். பிறகு தளர்த்தி, குறைந்த டார்க்கில் கடைசியாக இறுக்கிப் பூட்டவேண்டும். முதல் இறுக்கத்தோடு விட்டால் பேரிங் சூடேறிக் கெடும். முதல் கட்டத்தையே விட்டுவிட்டால், ஓடுபாதையில் உருளும்போது பேரிங் நகர்ந்து உட்கார்ந்து நட்டு தளர்ந்துபோகும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, லாக்புக்கில் “டயர் மாற்றினேன்” என்று எழுதுகிறார்கள் நம் பிள்ளைகள். படிப்பவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? தூக்கியவரா, டார்ச் பிடித்தவரா, நட்டை இறுக்கியவரா? சரியான பதிவில் தேதி, விமான வகை, 9எம் என்று தொடங்கும் பதிவெண், விமானத்தின் அமைப்புகளை எண்ணிட்டுப் பிரிக்கும் ஏடிஏ முறையில் அத்தியாய எண் 32, எந்த நிலையில் உள்ள சக்கரம், ஏன் மாற்றப்பட்டது, கழற்றினீர்களா மாட்டினீர்களா, இரண்டு கட்ட டார்க்கையும் காற்றழுத்தத்தையும் நீங்கள் பார்த்தீர்களா, எந்தக் கையேட்டுப் பகுதிப்படி, விமானத்தின் பதிவேடான டெக் லாக்கின் பக்க எண் அல்லது வேலை உத்தரவு எண் என்ன என்பது இருக்கவேண்டும். கடைசியில், உங்களை மேற்பார்த்த லைசென்ஸ் பொறியாளரின் கையெழுத்தும் அவருடைய முத்திரையும். விமானத்தைப் பறக்க விடுவித்து டெக் லாக்கில் கையெழுத்திட்டவரும் அவர்தான். இரண்டு கையெழுத்தும் பொருந்தினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. பல கம்பெனிகளில் டெக் லாக்கை உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள். நம் நேரம் அதைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை விடிகாலை 2 மணிக்கு நீங்கள் மாற்றிய சக்கரம், டெக் லாக்கில் திங்கட்கிழமை 18:00 என்று இருக்கும். உங்கள் லாக்புக் செவ்வாய் என்கிறது. இப்படி இருபது பதிவு பொருந்தாமல் போனால், செய்யாத வேலையை எழுதியதாகச் சந்தேகம் வரும். எந்த நேரக் கணக்கு என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு, புத்தகம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். அதைவிட மோசம், தீபாவளி விடுப்பில் இருந்த தேதியில் ஒரு வேலை பதிவாகியிருப்பது. நினைவிலிருந்து மாதக்கடைசியில் எழுதுபவர்களுக்கு இது நேரும். வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடவேண்டும். மேற்பார்த்தவர் வேறு நாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டால், பார்க்காத வேலைக்கு இன்னொருவர் கையெழுத்திடமாட்டார், இடவும் கூடாது. ஆறு மாத வேலையை ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே மையில் கையெழுத்து வாங்கிய பக்கங்களும் பார்த்தவுடனே கண்ணை உறுத்தும்.

இனி, அடிக்கடி நடக்கும் ஒரு நிலைமை. தோட்டத்துப் பையன் ஒருவன், கல்லூரியில் நல்ல தேர்ச்சி. பெரிய ஹேங்கரில் வேலை கிடைத்தது. வேகமாக வேலை செய்பவன் என்பதால் மேலாளர் அவனை இருக்கை கழற்றும் குழுவிலேயே வைத்துக்கொண்டார். இருக்கை, கம்பளம், உள்பலகை. 2 ஆண்டு முடிந்து விண்ணப்பித்தபோது புத்தகம் தடிமனாக இருந்தது, ஆனால் ஏறக்குறைய எல்லாப் பதிவும் ஏடிஏ 25, அதாவது கேபின் சாமான். என்ஜின் இல்லை, எரிபொருள் இல்லை, கட்டுப்பாட்டுத் தகடுகள் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. விதி ஆண்டுக்கணக்கை மட்டும் கேட்பதில்லை, வேலைகள் பரவலாகவும் பலதரப்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அவன் மறுபடி வேறு பிரிவுகளில் நின்று பதிவு சேர்க்கவேண்டியதாயிற்று.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. லாக்புக்கின் பின்னட்டையில் ஏடிஏ எண்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள்: குளிரூட்டல் 21, மின்சாரம் 24, பறக்கும் கட்டுப்பாடு 27, எரிபொருள் 28, ஹைட்ராலிக் 29, சக்கரமும் பிரேக்கும் 32, துணை என்ஜின் 49, பிரதான என்ஜின் 71 முதல் 80 வரை. மாதம் ஒருமுறை எதில் பதிவு இருக்கிறது, எது காலி என்று பாருங்கள். காலியான எண்ணைக் காட்டி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: “அண்ணே, எனக்கு 28-இல் ஒரு வேலைகூட இல்லை, அடுத்த முறை எரிபொருள் தொட்டி திறக்கும்போது என்னைப் போடுங்கள்.” எண்ணோடு கேட்டால் செய்வார்கள். “வேற வேலை குடுங்க” என்று பொதுவாகக் கேட்டால், வேலைக்குச் சோம்பல் என்றுதான் நினைப்பார்கள். கழற்றி மாட்டுவதோடு நின்றுவிடாமல் பரிசோதனை, இயக்கிப் பார்த்தல், பழுதுக்குக் காரணம் தேடுதல் ஆகிய வகைகளும் புத்தகத்தில் இருக்கவேண்டும். காரணம் தேடிய வேலைக்கு முடிவை மட்டும் எழுதாமல், எதை எதைச் சோதித்து விலக்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ரேம்ப்பில் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பதும் உண்டு: “அண்ணே, பேக் ஏத்துறதும் விமானத்த பின்னால தள்ளுறதும் அனுபவத்துல சேருமா?” சேராது. அது தரைச்சேவை, தனியான, பொறுப்பான தொழில். அதில் மேலே போகும் வழியும் தனி. பராமரிப்பு லைசென்ஸுக்கு, பராமரிப்பு அமைப்பில் மேற்பார்வையின் கீழ் விமானத்தில் செய்த பராமரிப்பு வேலை மட்டுமே கணக்கு.

லைசென்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏ320-க்குக் கையெழுத்திட முடியாது. அந்த வகைக்கான டைப் பயிற்சி தனியாக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி இவ்வளவு பெரிய விமானத்துக்கு பி1 பிரிவில் வகுப்பு மட்டும் குறைந்தது 150 மணி நேரம். பிறகு செய்முறை, முதல் டைப் என்றால் வேலையிடப் பயிற்சியும் உண்டு. செலவைக் கம்பெனி ஏற்றால் ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவார்கள். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு, அந்தத் தொகை ஆண்டுதோறும் குறையுமா என்ற மூன்றையும் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

லாக்புக்கை மாதம் ஒருமுறை நகலெடுத்து வீட்டில் வேறொரு இடத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மழையில் நனைந்த புத்தகத்துக்கு மாற்றுக் கிடையாது. வேலை மாறும்போது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த விமான வகையில் எந்தப் பிரிவில் வேலை செய்தீர்கள் என்ற அனுபவக் கடிதத்தைத் தரப் பிரிவு மேலாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு, அதன்பிறகு விமான நிலையப் பாஸைத் திருப்பிக் கொடுங்கள். பாஸ் இல்லாமல் உள்ளே போய்க் கேட்க முடியாது, தொலைபேசியில் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.