குழந்தை பியானோவை அடித்து வாசித்தால் கையின் எடையைக் கவனியுங்கள்

"மெதுவா வாசி" என்று மட்டும் சொல்லாதீர்கள். கிரேடு 1 தேர்வுக்கு என்னிடம் தயாரான ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு வீட்டில் எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனும் சொன்னபடி கேட்டு, தோளைத் தூக்கி, மணிக்கட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். பாதி நோட்டுகள் கேட்கவே கேட்காது, மீதி முன்பைவிட முரட்டுத்தனமாக விழும்.

பியானோவில் கீ இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். அது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்ளே இருக்கும் சுத்தி விடுபட்டு, தானாகப் போய்க் கம்பியில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது கீ இறங்கும் வேகம். நோட்டு ஒலித்தபிறகு எவ்வளவு அழுத்தினாலும் அதில் எதுவும் மாறாது, கைதான் இறுகும். விரலை உயரத்திலிருந்து ஓங்கினால் வேகம் கூடுவதோடு, விரல் கீயில் படும் சத்தமும், கீ அடிப்பலகையில் மோதும் 'டொக்'கும் சேர்ந்துகொள்ளும். நம் காதுக்கு முரடாகக் கேட்பதில் இந்த 'டொக்'குக்குப் பெரிய பங்கு உண்டு.

அவனிடம் நான் முதலில் பார்த்தது இருக்கை. முழங்கை கீயைவிடத் தாழ்ந்திருந்தது, கால் அந்தரத்தில் தொங்கியது. இப்படி உட்கார்ந்தால் கையின் எடை கீழே இறங்க வழியே இல்லை, குழந்தை அடித்துத்தான் ஆகவேண்டும். முழங்கை கீயின் மட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வரும்படி உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை போட்டதிலேயே பாதித் தோள் இறங்கிவிட்டது.

அப்புறம் பியானோவை விட்டுத் திரும்பி உட்காரச் சொல்லி, அவன் முன்கையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். முழு எடையையும் என்னிடம் கொடுத்திருந்தால், நான் கையை எடுத்ததும் அவன் கை மடியில் பொத்தென்று விழவேண்டும். அவன் கை அங்கேயே நின்றது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் இப்படித்தான் நிற்கும், தாங்கள் கையைத் தூக்கிப் பிடித்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. திட்டாமல் விளையாட்டுபோலத் திரும்பத் திரும்பச் செய்தால் விழ ஆரம்பிக்கும்.

அந்த விழுதலைத்தான் கீக்குக் கொண்டுவருகிறோம். மூன்று கறுப்புக் கீகள் சேர்ந்திருக்கும் இடத்தில் நடுவிரலை மட்டும், வாசிப்பதற்கு முன்பே கீயைத் தொட்டபடி வைக்கச் சொல்லுங்கள். கை அந்த விரல்மேல் சாயட்டும், மணிக்கட்டு சற்றுத் தாழட்டும், கீ இறங்கட்டும். ஒலி வந்த கணமே எடையை விட்டுவிட வேண்டும், கீ மேலே வராமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் மிஞ்சினால் போதும். சரியாக வருகிறதா என்று பார்க்க, அவன் நோட்டைப் பிடித்திருக்கும்போது முழங்கையை அடியிலிருந்து லேசாகத் தட்டிப் பார்ப்பேன். ஊஞ்சல்போல ஆடினால் சரி, முட்டுக்கொடுத்ததுபோல நின்றால் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். கட்டைவிரல் மேலே விறைத்து நிற்பதும் அதே அறிகுறிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டைத் தளர்த்தச் சொன்னால் சில குழந்தைகள் விரலையும் சேர்த்துத் தளர்த்திவிடுவார்கள். விரல்நுனி மூட்டு உள்ளே மடங்கிப்போனால் எடை வழியிலேயே தொலைந்து நோட்டு மங்கும். விரல் நிற்கவேண்டும், தளர்வது மணிக்கட்டும் முழங்கையும் தோளும்.

அவனுக்கு உண்மையான தொல்லை, பல நோட்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்து வாசிக்கும் இடது கை கார்டுகள். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரே கார்டு நான்கு முறை, நான்கும் நான்கு அடியாக விழுந்தன. முதல் கார்டுக்கு மட்டும் கையை இறக்கச் சொன்னேன். மற்ற மூன்றும், விரல் கீயின் மேற்பரப்பை விட்டுப் பிரியாமல், மணிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும் அதே ஒரே அசைவுக்குள் வரவேண்டும். வலது கையை நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில், ஒரு பார் மட்டும் செய்தான். ஒன்றாவது கார்டு நிறைவாகவும் அடுத்தவை இலேசாகவும் வந்ததும், மெலடிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஃபோர்ட்டே, அதாவது பலமாக வாசிக்கவேண்டிய இடத்திலும் இதே அசைவுதான், முன்கையோடு மேல்கையும் சேர்ந்து சாய்ந்தால் அடிக்காமலே கனமான ஒலி வரும்.

வேகமான ஓட்டங்களில் ஒவ்வொரு நோட்டுக்கும் கையை இறக்க முடியாது, முயலவும் வேண்டாம். அங்கே கை இலேசாகக் கூடவே நகரும், வேலையை விரல்கள் பார்த்துக்கொள்ளும். வீட்டில் இருப்பது எடையில்லாத கீ கொண்ட சின்ன கீபோர்டு என்றால் இந்தப் பயிற்சி பாதிதான் பிடிபடும், வாரத்தில் ஒரு முறையாவது நிஜ பியானோவில் உட்கார வையுங்கள். கையோ முன்கையோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும்.

தேர்வு அறையில் பியானோ புதிதாக இருக்கும். இருக்கையைச் சரிசெய்ய அவசரமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாசித்துப் பார்க்க அனுமதி கிடைத்தால், பாட்டின் தொடக்கத்துக்குப் பதிலாக அந்த இடது கை கார்டை ஒருமுறை கையை இறக்கி வாசித்துப் பார்க்கட்டும், கீ எவ்வளவு கனம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.