டயல் இண்டிகேட்டரில் 40-ஆம் கோட்டில் ஒளிந்திருந்த பிழை

ஒரே தண்டின் ரன்-அவுட்டை, அதாவது தண்டு சுழலும்போது அதன் மேற்பரப்பு ஏறி இறங்கும் அளவை, ஒரே டயல் இண்டிகேட்டரால் இரண்டு பேர் அளந்தார்கள். ஒருவருக்கு பத்தரைப் பிரிவுக்கு மேல் காட்டியது, மற்றவருக்கு ஒன்பதரைகூட வரவில்லை. இருவரும் கவனமாகத்தான் அளந்திருந்தார்கள். ஒருவர் முள்ளை 30-இல் நிறுத்தி ஆரம்பித்தார், மற்றவர் 40-இல் ஆரம்பித்தார். வேறுபாடு அவ்வளவுதான். 0.01 மி.மீ. பிரிவும் 10 மி.மீ. ஓட்டமும் கொண்ட சாதாரண இண்டிகேட்டர் அது, முள் ஒரு சுற்று வந்தால் 1 மி.மீ. ஒவ்வொரு முழு மில்லிமீட்டரிலும் ஸ்லிப் கேஜ் எனும் துல்லிய அளவுக் கட்டை வைத்துச் சோதித்தபோது எங்கும் 3 மைக்ரானைத் தாண்டாததால் 'சரி' என்று ஒட்டுச்சீட்டும் போட்டிருந்தார்கள். அந்தச் சோதனையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. முழு மில்லிமீட்டரில் மட்டும் பார்த்தால் முள் எப்போதும் பூஜ்ஜியத்திலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் நடப்பது எதுவும் அதில் தெரியாது.

அதனால் மைக்ரோமீட்டர் ஹெட்டை வைத்துச் சோதிக்க முடிவு செய்தேன். ஹெட்டை ஒரு எஃகுக் கட்டையில் அதன் நகரும் தண்டான ஸ்பிண்டில் மேல் நோக்கி இருக்கும்படி பிடித்து, கட்டையைக் கம்பேரேட்டர் ஸ்டாண்டின் மேடையில் இறுக்கினேன். ஹெட் 0.001 மி.மீ. வரை காட்டக்கூடியது. அதன் சான்றிதழில் அதிகபட்சப் பிழை 2 மைக்ரான். இண்டிகேட்டரின் ஸ்டெம்மை, அதாவது பிளஞ்சர் எனும் நகரும் கம்பி உள்ளே ஓடும் குழலை, ஸ்டாண்டின் கையில் மாட்டினேன். கையைத் தூணுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்தேன். கை நீண்டிருந்தால் பிளஞ்சரின் அழுத்தத்துக்கே அது வளையும், அந்த வளைவும் பிழைக் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்டெம்மைப் பிடிக்கும் திருகில் நிதானம் வேண்டும். கூடுதலாக இறுக்கினால் உள்ளே பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். இறுக்கியபின் பிளஞ்சரை விரலால் மெல்லத் தூக்கி விட்டுப் பார்த்தேன். தயங்காமல் இறங்கி முள் அதே கோட்டுக்கு வந்தது.

அதிக நேரம் எடுத்தது நேர்ப்படுத்தும் வேலைதான். பிளஞ்சரின் அச்சும் ஸ்பிண்டிலின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். 1 டிகிரி சாய்வு 10 மி.மீ. ஓட்டத்தில் 1.5 மைக்ரான் பிழைதான் தரும், பொறுத்துக்கொள்ளலாம். 2 டிகிரி ஆனால் அது 6 மைக்ரான் ஆகிவிடும். சிறிய மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து அந்தச் சாய்வை ஒழித்தேன். இன்னொன்றும் உண்டு. இந்த ஹெட்டில் கையால் திருப்பும் திம்பிளோடு ஸ்பிண்டிலும் சுழலும். பிளஞ்சரின் உருண்டை முனை ஸ்பிண்டில் முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், முகத்தில் உள்ள துளிச் சாய்வும் 0.5 மி.மீ.க்கு ஒரு முறை அலையாக ஏறி இறங்கும். ஸ்பிண்டில் திருகின் புரியிடை 0.5 மி.மீ. என்பதால் அப்படி. முனையை லென்ஸ் வைத்துப் பார்த்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு எல்லாவற்றையும் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். கைச்சூடு போகட்டும் என்றுதான்.

பிளஞ்சரை 0.3 மி.மீ. உள்ளே தள்ளி, மைக்ரோமீட்டரை 5.000-இல் நிறுத்தி, டயலின் சுழலும் வளையமான பெசலைச் சுற்றிப் பூஜ்ஜியத்தை முள்ளுக்கு நேரே வைத்தேன். இனி இரண்டு வழிகள் உண்டு. மைக்ரோமீட்டரை 5.100-இல் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று கணிக்கலாம். அல்லது முள்ளைச் சரியாக 10-ஆம் கோட்டில் நிறுத்திவிட்டு மைக்ரோமீட்டரைப் படிக்கலாம். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வேன். முள் கோட்டின் மேல் பொருந்துகிறதா என்பதைக் கண் துல்லியமாகச் சொல்லும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை மைக்ரான் என்று கேட்டால் அதே கண் ஆளுக்கொரு பதில் சொல்லும். நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திம்பிளை ஒரே திசையில் மட்டும் திருப்பிப் போனேன். கோட்டைத் தாண்டிவிட்டால் துளி பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. நன்றாகப் பின்னால் போய் மறுபடி அதே திசையில் வர வேண்டும். இல்லாவிட்டால் திருகின் தளர்வும் பற்சக்கரங்களின் தளர்வும் அந்த ஒரு புள்ளியில் கலந்துவிடும். முதல் சுற்றில் 0.1 மி.மீ.க்கு ஒரு புள்ளி எடுத்தேன். டயல் காட்டுவதிலிருந்து மைக்ரோமீட்டர் நகர்ந்த தூரத்தைக் கழித்தால் பிழை கிடைக்கும்.

0.10, 0.20, 0.30 மூன்றிலும் பிழை முறையே +1, +2, +1 மைக்ரான். அடுத்து முள் 40-இல் நின்றபோது மைக்ரோமீட்டர் 0.391 மட்டுமே நகர்ந்திருந்தது. +9! 0.50-இல் திரும்ப +2. மீதி எல்லாப் புள்ளிகளிலும் 0 முதல் +2 வரைதான். ரன்-அவுட் குழப்பத்துக்கு விடை இங்கேயே இருந்தது. 30-க்கும் 40-க்கும் இடையில் டயல் 0.10 என்று காட்டும்போது உண்மையில் நடந்தது 0.092. 40-க்கும் 50-க்கும் இடையில் அதே 0.10 என்பது உண்மையில் 0.107.

ஆனால் தவறு இண்டிகேட்டருடையதுதானா? மைக்ரோமீட்டர் திருகில் ஒரு கோணல் இருந்தாலும் இப்படி மேடு வரலாம். அப்படியென்றால் அது அரை மில்லிமீட்டருக்கு ஒரு முறை வர வேண்டும், 90-ஆம் கோட்டிலும் தெரிய வேண்டும். அங்கே 0 தான். உறுதிப்படுத்த, ஆரம்பத்தை 5.000-இலிருந்து 5.130-க்கு மாற்றி, கையைச் சற்று ஏற்றி முள்ளைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து மறுபடி அளந்தேன். மேடு 40-ஐ விட்டு அசையவில்லை. பிறகு 1.40, 2.40, 5.40 புள்ளிகளைப் பார்த்தேன். மூன்றிலும் அதே மேடு, ஒரு மைக்ரான் முன்னே பின்னே.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் என்றால் பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடுகிறது. இந்த வகை இண்டிகேட்டரில் பிளஞ்சரில் வெட்டிய பல்வரிசையான ராக், பினியன் எனும் சிறு பற்சக்கரத்தைத் திருப்பும். அந்தப் பினியனோடு சேர்ந்த 100 பல் சக்கரம், முள் பொருத்திய 10 பல் நடுப் பினியனைத் திருப்பும். அழுக்கோ காயமோ ராக்கில் இருந்தால் பிழை முழு ஓட்டத்தில் ஓரிடத்தில்தான் வரும். 100 பல் சக்கரத்தின் ஒரு பல்லில் என்றாலும் 10 மி.மீ.க்கு ஒரு முறைதான். சுற்றுக்கு ஒரு முறை வருகிறதென்றால் அது நடுப் பினியன்தான். அதன் மையமே விலகியிருந்தால் பிழை சுற்று முழுவதும் அலைபோல் ஏறி இறங்கியிருக்கும். இங்கே எழும்பியது ஒரே மேடு.

10 பல் என்பதால் ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. என்று கணக்கு வருகிறது. என் புள்ளிகளும் 0.1-க்கு ஒன்று. மேட்டின் உச்சி தற்செயலாகப் புள்ளிகளுக்கு இடையில் விழுந்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். அதனால் 0.30-க்கும் 0.50-க்கும் இடையில் 0.02 மி.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தேன். 0.34-இல் ஏறத் தொடங்கி, 0.38-இல் +10 ஆகி, 0.46-இல் +2-க்கு இறங்கியது. ஒரு பல்லின் அகலம்.

திரும்பும் வழியில் பெசலைத் தொடாமல் அதே கோடுகளை எதிர்த் திசையில் எடுத்தேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே சீராக 3 மைக்ரான் விலகியிருந்தன. 40-இன் மேடும் அந்த விலகலோடு அப்படியே இருந்தது. இந்த 3 மைக்ரான் இண்டிகேட்டருடையதா, ஹெட்டின் திருகுடையதா என்று அறிய, நல்ல நிலையில் உள்ள வேறொரு இண்டிகேட்டரை அதே அமைப்பில் மாட்டினேன். அதில் விலகல் 1 மைக்ரான்தான். ஆகவே பெரும்பகுதி இண்டிகேட்டரின் உள்ளே உள்ள உராய்வு.

மயிர்ச்சுருளைக் கலைத்துவிட்டால் சேர்ப்பது கடினம் என்பதால் நானே திறக்காமல், இந்த வேலை தெரிந்தவரிடம் மேட்டின் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். நடுப் பினியனின் ஒரு பல் பக்கத்தில் உலர்ந்த எண்ணெயோடு ஒட்டியிருந்த தேய்ப்புத் துகளை எடுத்துச் சுத்தம் செய்து தந்தார். அதே அமைப்பில் திரும்ப அளந்தபோது 40-இல் +2, திரும்பும் வழி விலகல் 2. சீட்டில் இப்போது முதல் சுற்றின் பத்துப் புள்ளிகளும் தனி வரிசையாக இருக்கின்றன. முழு மில்லிமீட்டர்கள் அதற்குக் கீழே.