அம்மாவின் கால் வீக்கமும் 46 என்ற நாடித்துடிப்பும்

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 68. பல வருடங்களாகப் பிரஷருக்கு அட்டெனோலோல் 50 மில்லிகிராம், அம்லோடிபின் 5 மில்லிகிராம். போன வருடம் பிரஷர் 160-க்கு மேலேயே நின்றதால் கிளினிக்கில் அம்லோடிபினை 10 ஆக்கினார்கள். பிரஷர் இறங்கியது. ஆனால் ஒரு மாதத்துக்குள் பின்னேரமானால் செருப்பு வார் காலில் பதியத் தொடங்கிவிட்டது. பெருவிரலால் கணுக்காலை அழுத்தினால் குழி விழும். காலையில் பாதி வற்றியிருக்கும்.

எங்கள் பக்கம் கால் வீங்கினால் எல்லோருக்கும் முதலில் சிறுநீரகப் பயம்தான். சிறுநீரில் புரதம் இல்லை, கிரியேட்டினின் சரி, படுத்தால் மூச்சு முட்டவில்லை, வீக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவு. அப்படியிருந்தும் ஒரு இடத்தில் தண்ணீர்க் குளிசை கொடுத்தார்கள். புரூசமைட், 40 மில்லிகிராம். அம்மா பகல் முழுக்க மலசலகூடத்துக்கு ஓடினார், இரவில் கெண்டைக்கால் இழுத்தது. வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து நான் விட்ட பிழை. தனியார் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன், கிளினிக் கொப்பியை வீட்டில் மறந்துவிட்டு. அம்லோடிபின்தான் வீக்கத்துக்குக் காரணம் என்று அவர் சரியாகவே பிடித்தார். அதை நிறுத்தி, அதே குடும்பத்தில் கால் வீக்கம் குறைவான டில்டியாசெம் 60 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம் எழுதினார். வேறு ஏதும் குடிக்கிறாரா என்று அவர் கேட்டபோது, “பிரஷர் குளிசைதான், அதை மாத்தத்தானே வந்தனாங்கள்” என்றேன். அட்டெனோலோல் என்ற பெயர் என் வாயில் வரவேயில்லை.

நாலாம் நாள் கிணற்றடியில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. பிரஷர் மெஷினில் நாடி 46. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சமிக்ஞை தாமதமாகப் போவது தெரிந்தது. டில்டியாசெமை நிறுத்தி, அட்டெனோலோலையும் தற்காலிகமாக மறித்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். நாடி 60-ஐத் தாண்டியது.

அங்கிருந்த டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். “தம்பி, ரெண்டும் கல்சியம் கதவை மூடுற மருந்துதான். ஆனா மூடுற இடம் வேற.” அம்லோடிபின், நிபெடிபின் போன்றவை டைஹைட்ரோபிரிடின் வகை. அவை பெரும்பாலும் இரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத்தான் தளர்த்தும், இதயத்தின் வேகத்தை நேரடியாகக் குறைப்பதில்லை. வேகமாக வேலை செய்யும் நிபெடிபினில் பிரஷர் சட்டென்று விழுவதால் நெஞ்சு படபடவென்று அடிக்கக்கூட வரும். அம்லோடிபின் மெதுவாக ஏறுவதால் அந்தத் தொல்லை குறைவு. டில்டியாசெம், வெரபமில் இரண்டும் மற்ற வகை. இவை இதயத் துடிப்பு பிறக்கும் இடத்தையும், அது கீழே கடக்கும் இடத்தையும் மெதுவாக்கும். அட்டெனோலோலும் அதே இரண்டு இடத்தைத்தான் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் பிரேக் போட்டால் 46 வராமல் என்ன செய்யும்?

சரி, அப்ப வீக்கம் ஏன்? அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை வயல் செய்கிற எங்களுக்கு மறக்க வழியில்லை. குளத்துத் துருசை அகலத் திறந்துவிட்டு, கழிவு வாய்க்காலை ஒடுக்கமாகவே விட்டால் வயலில் தண்ணீர் தேங்கும் அல்லவா? அம்லோடிபின் இரத்தம் கொண்டுவரும் நுண்நாடிகளை விரிக்கிறது, திரும்பிப் போகும் நாளங்களை அவ்வளவு விரிப்பதில்லை. இடையிலுள்ள மெல்லிய குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் சதைக்குள் கசிகிறது. நாம் நிற்கிறோம், நடக்கிறோம், ஆகவே அது கணுக்காலில் இறங்குகிறது. உடம்பில் தண்ணீர் கூடிப்போனதால் வந்த வீக்கம் இல்லை இது. குளத்தை வற்றவைத்து என்ன பயன்? தண்ணீர்க் குளிசை தோற்றது அதனால்தான். மருந்தின் அளவு கூடக்கூட வீக்கமும் கூடும் என்பதால், 5-இல் இல்லாதது 10-இல் வந்தது.

அம்லோடிபினைத் திரும்ப 5-க்கு இறக்கி, லொசார்டன் 50 சேர்த்தார்கள். அது கழிவு வாய்க்காலையும் கொஞ்சம் அகலமாக்கும், பிரஷரையும் குறைக்கும். அட்டெனோலோல் 25 ஆகியது. நாங்களாக அதை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். லொசார்டன் தொடங்கி இரண்டு கிழமையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார். பார்த்தோம், சரியாக இருந்தது.

அந்த இரண்டாம் கிழமைதான் வீக்கமும் வற்றத் தொடங்கியது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்று சமைத்தால் இன்னும் கொஞ்சம் தலைகாட்டும். அன்று இரவு அம்மா கால்மாட்டில் தலையணை வைத்துப் படுத்துக்கொள்வார். கிளினிக் கொப்பி இப்போது என் மோட்டார் சைக்கிள் பைக்குள்ளேயே இருக்கிறது.