கர்மாவும் மறுபிறவியும், ஒரே நிமிடத்தில்

ஒரு வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இதுவரை சேர்ந்த மொத்தக் கடன், அதில் இந்த மாதம் கட்டவேண்டிய தவணை, இன்று புதிதாக வாங்கும் கடன். நம் செயல்களையும் இந்து மரபு இப்படி மூன்றாகத்தான் பார்க்கிறது.

பிறந்த இடம், கிடைத்த உடம்பு எல்லாம் தவணை மாதிரி. கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்று செய்வது நம் கையில் இருக்கிறது. அதை மறந்து ‘எல்லாம் தலையெழுத்து’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, மாதம் முடிந்தால் கணக்கு மூடிவிடுமா? மீதி அடுத்த மாதத்துக்குப் போகும். அதுதான் மறுபிறவி. கடன் இல்லாமல் சேமிப்பு இருந்தாலும், அதை அனுபவிக்கத் திரும்பி வரவேண்டும். பலனை எதிர்பார்க்காமல் செய்த செயல் மட்டும் கணக்கில் ஏறுவதில்லை என்கிறார்கள்.