திவால் சட்டத் தேர்வில் என்னைக் கவிழ்த்த 6 கோடி ரூபாய்

இறுதியாண்டு வணிகச் சட்டத் தாளுக்கு முன் நடந்த மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. நிறுவனம் திவால். வங்கிக்கு 10 கோடி பாக்கி, அதற்கு ஈடாக 6 கோடி மதிப்புள்ள ஆலை அடமானம். மற்ற சொத்துகளை விற்றால் 4 கோடி வரும். வங்கி என்ன செய்யலாம்?

‘ஆலையை விற்று 6 கோடியை எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

முதல் பிழை, காலத்தைப் பார்க்காதது. திவால் மனு ஏற்கப்பட்டதுமே 2016 இந்தியத் திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி மொரட்டோரியம் வந்துவிடுகிறது. வழக்கு, வசூல், நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்கும் சர்ஃபேசி நடவடிக்கை எல்லாமே நிற்கும். அப்போது ஆலையை வங்கி தொட முடியாது. ஆனால் இயக்குநர் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுத்திருந்தால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; அவரைத் துரத்தலாம். இந்த ஒரு வரியை எழுதியிருந்தாலே மதிப்பெண் கூடியிருக்கும்.

யாருக்கு முன்னுரிமை என்ற 53-ஆம் பிரிவின் வரிசைப்படி பணத்தைப் பிரிப்பது மீட்பு முயற்சி தோற்று, கலைப்பு உத்தரவு வந்த பிறகுதான். வங்கிக்கு அப்போது 52-ஆம் பிரிவில் இரண்டு வழி. பிணையாக இருக்கும் ஆலையை விட்டுக்கொடுத்து வரிசையில் நிற்கலாம், அல்லது விலகி நின்று தானே விற்கலாம்.

உள்ளகப் பயிற்சிக்குப் போய்வந்த தோழி ஒருத்தி, “ரெண்டையும் போட்டுப் பாருடா” என்றாள். கேள்வியில் திவால் செலவு 1 கோடி, தொழிலாளர்களின் 24 மாத ஊதியப் பாக்கி 2 கோடி என்று இருந்தது. விட்டுக்கொடுத்தால் மொத்தம் 10 கோடி. செலவு போக 9. அடுத்த படியில் தொழிலாளரும் வங்கியும் சமமான தகுதியில் நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது 2 + 10, ஆக 12 கோடி. இருப்பது 9 என்பதால் இருவருக்கும் 75 விழுக்காடு. வங்கிக்கு 7.5 கோடி.

விலகி நின்றால் கையில் 6 கோடிதான். அதிலும் திவால் செலவு, தொழிலாளர் பாக்கி இரண்டுக்கும் தன் பங்கைக் கட்ட வேண்டும். மீதி 4 கோடிக்கான கோரிக்கை, பிணையில்லா நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கும் கீழே, அரசின் பாக்கியோடு ஒரே படிக்கு இறங்கிவிடும். அந்தப் படிவரை பணம் வருவது அரிது.

பிணையைப் பிடித்துக்கொண்டிருப்பதே லாபம் என்று நான் நினைத்தது இங்கே தலைகீழ். ஆலை மட்டும் 9 கோடிக்குப் போய், மற்ற சொத்துகள் 1 கோடிக்குப் போயிருந்தால்? வரிசையில் அதே 7.5 கோடிதான் வந்திருக்கும். அப்போது விலகி நிற்பதைப் பற்றி வங்கி யோசிக்கவே வேண்டும். கேள்வியின் உயிர் அந்த மதிப்பில்தான் இருந்தது; நான் அதை வெறும் கூட்டல் எண்ணாக எடுத்துக்கொண்டேன்.