ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த குளிர் காய்ச்சல்: மலேரியா என்று தெரிந்த விதம்

மலேரியா என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் காய்ச்சல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் சில நாட்களில் அது அப்படி வருவதில்லை. என் கணவருக்கும் அப்படி வரவில்லை. அந்த ஒழுங்கு தெரியட்டும் என்று காத்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு வாரம் வீணாகிவிடும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் வட சென்னையில் இருக்கிறோம். பழைய வீடு, பின்கட்டில் கிணறு, மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி. ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம். ஒரு வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. உடம்பு வலி, தலைவலி, வாய்க் கசப்பு. மூன்று நாளும் தினமும் காய்ச்சல் இருந்தது. லேசாகக் குளிரியது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு இதே மாதிரிதான் இருந்தது. சனிக்கிழமை பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். டெங்குவுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை எழுதினார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. பிளேட்லெட் மட்டும் 96 ஆயிரமாகக் குறைந்திருந்தது. "டெங்கு சீசன்தானே, இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், பாராசிட்டமால் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். அதை யாரும் சொல்லவில்லை, மலேரியா பரிசோதனையும் எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஊசி குத்தி எடுத்த அதே ரத்தத்தில் ஒரு சொட்டு போதுமாயிருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நிலைமை மாறியது. திடீரென்று பல் கிட்டித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். இரண்டு போர்வை, அதற்கு மேல் ஜமுக்காளம் போர்த்தியும் கட்டில் ஆடியது. விரல் நகமெல்லாம் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. தொட்டால் கை சில்லென்று இருந்தது, ஆனால் தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனது. முக்கால் மணி நேரம் கழித்து நடுக்கம் நின்று சூடு பிடித்தது. முகம் சிவந்து, போர்வையை உதறிவிட்டு, தண்ணீர் தண்ணீர் என்றார். காய்ச்சல் 104 தொட்டது. சாயங்காலம் வியர்க்கத் தொடங்கியது. தலையணை உறையைப் பிழியலாம் போல அப்படி ஒரு வியர்வை. அது அடங்கியதும் அசந்து தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை எழுந்து இட்லி கேட்டார், குளித்தார், வேலைக்கும் போனார். மாமியாருக்கு நிம்மதி. நிலவேம்புக் கஷாயம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தார். இந்த நோயில் ஆபத்தான நாள் எது என்று கேட்டால் நான் அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன். காய்ச்சல் இருக்கும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள், மருத்துவமனைக்குக் கிளம்புகிறார்கள். இல்லாத நாளில் கிளம்பியவரும் திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். செவ்வாய் மதியம் அதே நேரம், அதே நடுக்கம். காலண்டரில் ஞாயிறு 2.30 என்று குறித்து வைத்திருந்தேன். பக்கத்தில் செவ்வாய் 2.15 என்று எழுதியபோது எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்படி முறை வைத்து வருவதற்குக் காரணம் கிருமியின் வளர்ச்சிதான். கொசு கடித்து உள்ளே போன கிருமி முதலில் கல்லீரலில் பெருகி, அப்புறம் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. வைவாக்ஸ் என்கிற வகை அங்கே சுமார் 48 மணி நேரம் வளர்ந்து, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த அணுக்களில் புகும். லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும்போது அதிலிருந்து வெளிவரும் கழிவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அந்த நடுக்கமும் காய்ச்சலும். தொடக்கத்தில் எல்லாக் கிருமிகளும் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. ஒரு கூட்டம் இன்றைக்கு வெடிக்கும், இன்னொன்று நாளைக்கு. அதனால்தான் முதல் நாட்களில் தினமும் காய்ச்சல் அடித்து வைரல் காய்ச்சல் மாதிரியே தெரிகிறது. ஃபால்சிபேரம் என்ற இன்னொரு வகை கடைசிவரைக்கும் ஒழுங்காக முறை வைக்காமலே போகலாம். அதுதான் மூளை, சிறுநீரகம் வரை போய் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகக்கூடியது. ஆக, காய்ச்சல் வரும் விதத்தை வைத்து மலேரியா இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்த வகை என்பதையும் ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புதன்கிழமை அவருக்கு நல்ல நாள். வேலைக்குக் கிளம்பியவரைத் தடுத்து மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். "இன்னிக்குக் காய்ச்சலே இல்லையே, குளிர் வரும்போதுதானே ரத்தம் எடுக்கணும்" என்றார். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். லேப் டெக்னீசியன் அதற்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் பயன்படும்: "எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்மா. குளிருக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கு இல்லைன்னு வந்தா நாளைக்கும் எடுப்போம், நாளன்னிக்கும் எடுப்போம். ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடக் கூடாது." அடுத்து அவர் கேட்டது இரண்டு கேள்வி. மலேரியா மாத்திரை ஏதாவது கடையில் வாங்கிப் போட்டீர்களா? சமீபத்தில் வெளியூர் போனீர்களா? மாத்திரை போட்டிருந்தால் ரத்தத்தில் கிருமி குறைந்து கண்ணுக்குச் சிக்காமல் போகும், நோயோ உள்ளே இருக்கும். பாராசிட்டமாலால் அந்தச் சிக்கல் இல்லை. ஊர் கேட்பது எதற்கென்றால், ஒடிசா, சத்தீஸ்கர் மாதிரி இடங்களில் ஃபால்சிபேரம் அதிகம். அங்கே போய் வந்தவர் என்றால் சந்தேகம் வேறு திசையில் போகும்.

இடது கை மோதிர விரலில் குத்தி, முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். ஒரு பக்கம் சொட்டைச் சுழற்றி நாலணா அளவுக்கு அழுத்தமாகப் பூசினார். இன்னொரு பக்கம் வேறொரு தகட்டின் விளிம்பால் இழுத்து மெல்லிய படலமாக ஆக்கினார். அழுத்தமான பூச்சில் நிறைய ரத்தம் ஒரே இடத்தில் அடங்குவதால் கிருமி கொஞ்சமாக இருந்தாலும் அகப்படும். மெல்லிய படலத்தில் அணு சிதையாமல் இருக்கும், அதனால் அது எந்த வகை என்று அடையாளம் தெரியும். கூடவே பட்டை மாதிரி இருக்கும் விரைவுப் பரிசோதனையும் செய்தார். இருபது நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தது. அதாவது மலேரியா இல்லை.

அவர் அதோடு அனுப்பவில்லை. ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் அந்தப் பட்டை காட்டாமல் போகலாம், தகட்டைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றார். சாயம் போட்டு, உலர வைத்து, மைக்ரோஸ்கோப்பில் குறைந்தது நூறு இடங்களாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுத வேண்டுமாம். மாலையில் போன் வந்தது: வைவாக்ஸ் பாசிட்டிவ். நேரில் போனபோது என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிர் நிற அணுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெருத்து, அதற்குள் நீல வளையம், வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, கல் பதித்த மோதிரம் போல இருந்தது. கிளினிக்கில் காட்டியும் பெயர் தெரியாமல் இருந்த நோய் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

வகை தெரிந்ததால்தான் மருந்து சரியாக அமைந்தது. வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் மூன்று நாள். எடையைக் கணக்கிட்டு அவருக்கு 250 மில்லிகிராம் மாத்திரை முதல் நாள் நாலு, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகு. அதோடு பிரைமாகுயின் தினமும் 15 மில்லிகிராம், 14 நாள். ஃபால்சிபேரமாக இருந்திருந்தால் மருந்தே வேறு, ஆர்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. அதனால்தான் கணக்கை இங்கே எழுதியிருந்தாலும், இதைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரைமாகுயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைவாக்ஸ் கிருமியில் கொஞ்சம் கல்லீரலிலேயே தூங்கிக் கிடக்கும். குளோரோகுயின் அதைத் தொடாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது எழுந்து வந்தால், புதிதாகக் கொசு கடிக்காமலே மறுபடி அதே குளிர் காய்ச்சல். பிரைமாகுயின்தான் அதை அழிக்கிறது. ஆனால் காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடுவதால் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு இப்படித்தான் திரும்ப வந்தது. இன்னொன்று, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதனால் டாக்டர் அதற்கான ரத்தப் பரிசோதனையை முதலில் செய்யச் சொன்னார். அவருக்குச் சரியாக இருந்தது. இருந்தாலும் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது.

வியாழக்கிழமையும் லேசான குளிர் வந்தது. சனிக்கிழமை மதியம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். இரண்டரை, மூன்று, நாலு ஆனது. ஒன்றும் வரவில்லை.

நோய் பதிவானதும் மாநகராட்சி மலேரியா ஊழியர் வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனார். தொட்டி மூடியின் ஓரம் உடைந்திருந்தது. கரண்டியால் தண்ணீரை அள்ளி என்னிடம் காட்டினார். டெங்கு கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும், இது தண்ணீர் மட்டத்தோடு படுத்தாற்போல் மிதக்கும் என்றார். அள்ளிய தண்ணீரில் நாலைந்து அப்படிப் படுத்துக் கிடந்தன. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபென்சி கொசு சாக்கடையில் அல்ல, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவிட்டோம், மூடியை மாற்றினோம். கிணற்றில் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டுப் போனார், மேலே கொசுவலை அடித்தோம்.

14 நாள் மாத்திரை முடிந்து, மறுபடி எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை. மருந்துச் சீட்டையும் வைவாக்ஸ் என்று எழுதிய லேப் தாளையும் அவர் பர்ஸில் வைத்திருக்கிறார். அடுத்த ஒரு வருஷத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், முதல் நாளே அதைக் காட்டி ரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை.